கனடா வானிலை அறிக்கையில் இரண்டு எண்கள்: எதை எதற்குப் பார்ப்பது?

டொராண்டோவுக்கு வந்த முதல் ஜனவரியில் ஒரு காலை, போனைத் திறந்தேன். மைனஸ் 9 என்று பெரிதாக இருந்தது. அதற்குள் மைனஸ் 9 எனக்குப் பழகியிருந்தது; ஜாக்கெட்டும் ஜீன்ஸும் போட்டால் போதும். கீழே சின்ன எழுத்தில் மைனஸ் 26 என்று இன்னொரு எண். அது ராத்திரிக்கானதாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு கிளம்பிவிட்டேன்.

ஸ்கார்பரோவில் நான் பஸ் ஏறும் நிறுத்தம் ஒரு நாற்சந்தியில், நாலு பக்கமும் திறந்து கிடக்கும். பஸ் இருபத்தைந்து நிமிடம் தாமதம். பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, காதை மூடுங்கோ, விறைச்சுப் போயிடும்" என்றார். "பரவாயில்லைங்க" என்றேன். மதுரைக்காரன் வீம்பு. வகுப்பில் உட்கார்ந்து காதைத் தொட்டால் அது வேறு யாருடைய காதோ மாதிரி இருந்தது. அரை மணி நேரம் கழித்து உணர்ச்சி திரும்பியபோது மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. ஒரு வாரம் தோல் உரிந்தது.

அன்றைக்கு நான் செய்த தப்பு ஒன்றல்ல, மூன்று. இது மூன்றாவது குளிர்காலம், இப்போதுதான் எல்லாம் விளங்கியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் காதைப் பலி கொடுக்காமல் கற்றுக்கொள்ளட்டும் என்று எழுதுகிறேன். இதற்கு விண்ணப்பமோ கட்டணமோ கிடையாது. கொஞ்சம் துணிமணிச் செலவு உண்டு, அதைக் கடைசியில் அல்ல, நடுவிலேயே சொல்கிறேன்.

1. அந்த எண் எந்த நேரத்துக்கானது என்று முதலில் பாருங்கள்

கனடா அரசின் வானிலைத் துறைக்கு WeatherCAN என்று இலவச ஆப் இருக்கிறது, weather.gc.ca என்ற இணையதளமும் உண்டு. அதில் படத்தை மட்டும் பார்க்காமல் எழுத்தில் இருக்கும் முன்னறிவிப்பைத் திறந்து படியுங்கள். நான் காதைக் கெடுத்துக்கொண்ட மாதிரியான ஒரு நாளுக்கு அது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

```
Sunny. Wind northwest 30 km/h gusting to 50.
High minus 9. Wind chill minus 26 this morning
and minus 18 this afternoon.
```

நான் பார்த்த மைனஸ் 9 இதில் எங்கே இருக்கிறது? High என்பதற்குப் பக்கத்தில். அதாவது அன்றைய பகலில் அதிகபட்சமாக ஏறப்போகிற வெப்பம். அது மதியம் மூன்று மணி வாக்கில்தான் வரும். நான் கிளம்பிய ஏழரை மணிக்கு வெளியே மைனஸ் 15. முதல் தப்பு இதுதான்: நாளுக்கான எண்ணை, நான் வெளியே நிற்கும் நேரத்துக்கான எண்ணாக எடுத்துக்கொண்டது.

அடுத்து, காலைக்கும் மதியத்துக்கும் விண்ட் சில், அதாவது காற்றையும் சேர்த்து உடம்பு உணரும் குளிர், தனித்தனியாகக் கொடுத்திருப்பதைப் பாருங்கள். காற்று இரண்டு வேளையும் மணிக்கு 30 கி.மீ.தான். மைனஸ் 15-இல் அந்தக் காற்று வீசினால் மைனஸ் 26. மைனஸ் 9-இல் அதே காற்று வீசினால் மைனஸ் 18. ஆகவே நீங்கள் எத்தனை மணிக்கு எங்கே நிற்பீர்கள் என்பதை வைத்து, மணிவாரி முன்னறிவிப்பில் அந்தக் கட்டத்தை மட்டும் பாருங்கள். முந்தின இரவு படுக்கும் முன் ஒரு தடவை, காலையில் உடை மாற்றும் முன் ஒரு தடவை. அதிகாலை ஐந்து மணியளவில் புது அறிக்கை வந்துவிடும், எனவே காலையில் பார்ப்பதே கணக்கு.

விண்ட் சில் எண்ணுக்குப் பக்கத்தில் டிகிரிக் குறி இருக்காது. தவறி விட்டதல்ல, வேண்டுமென்றே போடாதது. அது வெப்பமானி காட்டும் அளவு அல்ல, உடம்புக்கு எப்படி இருக்கும் என்பதற்கான குறியெண். இந்தச் சின்ன விஷயம் புரிந்தால் அடுத்த படி சுலபம்.

2. ஒரு எண் தோலுக்கு, இன்னொன்று பொருளுக்கு

வீட்டில் டேபிள் ஃபேன் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். சாதாரண வெப்பமானியை ஃபேனுக்கு முன்னால் பத்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். உங்களுக்குக் குளிரும், வெப்பமானி அசையாது. ஏனென்றால் உங்கள் தோல் அறையைவிடச் சூடானது; வெப்பமானி ஏற்கெனவே அறையின் சூட்டில்தான் இருக்கிறது. தோலை ஒட்டி எப்போதும் மெல்லிய சூடான காற்றுப் படலம் ஒன்று போர்வை மாதிரி இருக்கும். காற்று வீசினால் அந்தப் போர்வையை உருவிக்கொண்டு போய்விடும். உடம்பு மறுபடி ஒன்றைச் சூடாக்கும், காற்று மறுபடி உருவும். இந்த இழப்பு எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதைத்தான் விண்ட் சில் சொல்கிறது.

உயிரில்லாத பொருள் வெளியே கிடந்தால் காற்று அதைச் சீக்கிரம் ஆற்றும், அவ்வளவுதான். காற்று வீசுவதால் மட்டும் காய்ந்த பொருள் எதுவும் வெளிக்காற்றின் வெப்பத்துக்குக் கீழே போகாது. மைனஸ் 15-இல் நிறுத்திய கார் எஞ்சின், காற்று எவ்வளவு அடித்தாலும் மைனஸ் 15-இல் நின்றுவிடும். மைனஸ் 26 ஆகாது. காற்றில்லாத இரவைவிடச் சீக்கிரம் அங்கே போய்ச் சேரும் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இது தெரியாமல் என் அறைத்தோழன் ஒரு குழம்பையே இழந்தான். நவம்பரில் ஒரு நாள், ஃப்ரீசரில் இடமில்லை. போனில் "உணர்வது மைனஸ் 3" என்று இருந்தது. மைனஸ் என்றால் உறைந்துதானே கிடக்கும் என்று ஒரு சட்டி வஞ்சிர மீன் குழம்பை மூடி பால்கனியில் வைத்துவிட்டான். உண்மையில் வெளியே பிளஸ் 3. மணிக்கு 30 கி.மீ. காற்று அடித்ததால் ஆப் மைனஸ் 3 என்று காட்டியிருக்கிறது. குழம்பு ஒரு நொடிகூட உறையவில்லை. பகலில் வெயில் வேறு நேராகச் சட்டியின் மேல் விழுந்தது. மூன்றாம் நாள் மூடியைத் திறந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

ஆகவே தண்ணீர் உறையுமா, நடைபாதையில் பனிக்கட்டி வழுக்குமா, மழை பெய்யுமா பனி பெய்யுமா, தோட்டக் குழாய் வெடிக்குமா என்ற கேள்விகளுக்கெல்லாம் வெப்பமானியின் எண். மூக்கு, காது, கன்னம், விரல் பற்றிய கேள்விக்கு விண்ட் சில். இதை மாற்றிப் பார்க்கிறவர்கள்தான் அதிகம். "இன்னைக்கு ஃபீல்ஸ் லைக் மைனஸ் 5, ரோடெல்லாம் ஐஸ் ஆயிருக்கும்" என்று பயந்து வீட்டிலேயே இருந்தவர்களும் எனக்குத் தெரியும். வெளியே பிளஸ் 1, ரோடு ஈரமாக இருந்தது, அவ்வளவே.

3. எண்ணை நிமிடமாக மாற்றிக்கொள்ளுங்கள்

மைனஸ் 26 என்றால் என்ன செய்வது? "ரொம்பக் குளிரும்" என்பது பதிலாகாது. மூடாத தோல் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதே பதில். கனடா வானிலைத் துறையின் அட்டவணையில் நாம் மனப்பாடம் செய்ய வேண்டியது இரண்டு எல்லைகள் மட்டும்.

மைனஸ் 28-ஐத் தாண்டினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கலாம். மைனஸ் 40-ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம். டொராண்டோவில் இரண்டாவது அபூர்வம். வின்னிபெக், எட்மன்டன் பக்கம் போகிறவர்களுக்கு அது நிஜம். மைனஸ் 10-இலிருந்து மைனஸ் 27 வரை தோல் சட்டென்று உறையும் ஆபத்து குறைவு, ஆனால் சரியான உடை இல்லாமல் நெடுநேரம் வெளியே இருந்தால் உடம்பின் மொத்தச் சூடும் இறங்கும்.

அப்படியானால் மைனஸ் 26-இல் என் காது ஏன் விறைத்தது? இங்கேதான் இரண்டாவது தப்பு. மேலே உள்ள அறிக்கையில் gusting to 50 என்று இருக்கிறது, பார்த்தீர்களா? விண்ட் சில் கணக்கில் சராசரிக் காற்றுதான் சேரும், இடையிடையே திடீரென்று வேகமாக வீசும் காற்று சேராது. மைனஸ் 15-இல் காற்று 50 கி.மீ. ஆனால் எண் மைனஸ் 29. எல்லையைத் தாண்டிவிட்டது. நான் நின்றது மறைப்பே இல்லாத நாற்சந்தி, இருபத்தைந்து நிமிடம், தொப்பி இல்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது, நான்தான் போடவில்லை. அறிக்கை மைனஸ் 20-களில் இருந்து, gusting என்ற சொல்லும் இருந்தால், இரண்டு மூன்றைக் கூடக் கழித்து நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண் எப்படி வந்தது என்று தெரிந்தால் எப்போது அதை நம்பலாம், எப்போது திருத்த வேண்டும் என்பதும் தெரியும். இப்போது கனடாவும் அமெரிக்காவும் பயன்படுத்தும் சூத்திரம் 2001-இல் வந்தது. அதற்கான சோதனை நடந்தது நம் டொராண்டோவில்தான்: பன்னிரண்டு தன்னார்வலர்களைக் குளிரூட்டிய காற்றுச் சுரங்கத்தில் நடக்க வைத்து, முகத்தோலின் வெப்பத்தை அளந்தார்கள். ஆக, கணக்கில் இருப்பவர் வயது வந்த ஒருவர், முகத்தை மூடாதவர், மணிக்கு 4.8 கி.மீ. வேகத்தில் காற்றை எதிர்த்து நடப்பவர். வெயில் கணக்கிலேயே இல்லை. காற்றின் வேகம் தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில், பெரும்பாலும் விமான நிலையம் போன்ற வெட்டவெளியில் அளந்தது. முக உயரத்தில் குறைவாக இருக்கும் என்பதைச் சூத்திரமே கழித்துக்கொள்கிறது.

இதிலிருந்து சில திருத்தங்கள் தானாக வரும். வெயில் முகத்தில் படும்படி சுவரோரம் நின்றால் எண் காட்டுவதைவிட இதமாக இருக்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றாலும் அப்படியே. உயரக் கட்டடங்கள் இரண்டின் நடுவே சந்து மாதிரி இருக்கும் இடத்தில் எண்ணைவிட மோசமாக இருக்கும், ஏரிக்கரையிலும் அப்படித்தான். உணவு டெலிவரிக்கு சைக்கிள் ஓட்டும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: காற்றே இல்லாத மைனஸ் 10 நாளில் நீங்கள் 20 கி.மீ. வேகத்தில் போனால், உங்கள் முகத்துக்கு அது சுமார் மைனஸ் 18. காற்றை நீங்களே உண்டாக்குகிறீர்கள். ஆப்பில் அது வராது.

இன்னொன்று, பலருக்கும் ஆச்சரியமாக இருப்பது: பெரிய பாதிப்பை உண்டாக்குவது புயல்காற்று அல்ல, முதல் மெல்லிய காற்று. மைனஸ் 10-இல் காற்று வெறும் 10 கி.மீ. வீசினாலே மைனஸ் 15 ஆகிவிடும். 30-இலிருந்து 40-க்குக் கூடினால் மாறுவது ஒரே ஒரு எண். சூடான அந்தக் காற்றுப் போர்வையை உருவ மெல்லிய காற்றே போதும். ஆகவே "காத்து அவ்வளவா இல்லையே" என்று தொப்பியை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

4. எதற்குச் செலவழிப்பது, எப்போது

மூன்றாவது தப்பு பணம் சார்ந்தது. வந்த வாரமே கையிலிருந்த காசில் பெரும்பகுதியை ஒரு தடித்த கோட்டில் போட்டேன். தொப்பி, கையுறை எல்லாம் அப்புறம் என்று விட்டேன். ஆனால் விண்ட் சில் தாக்குவது மூடாத தோலை. காற்று புகாத மேல்துணி போட்ட உடம்புப் பகுதிக்கு அந்த எண் கிட்டத்தட்டப் பொருந்தாது. கோட் எவ்வளவு தடிமன் என்பதை வெப்பமானி பார்த்து முடிவு செய்யலாம். முகத்தையும் காதையும் விரலையும் மூடுவதா என்பதை விண்ட் சில் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

நான் கடைசியில் வாங்கியவை: காதை முழுக்க மூடும் பின்னல் தொப்பி, இங்கே டூக் என்பார்கள், 15 டாலர். மூக்குவரை இழுத்துவிடக்கூடிய கழுத்துறை, 12 டாலர். விரல்கள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும் மிட்டன், 30 டாலர். விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட மிட்டன் நன்றாகச் சூடு காக்கும், ஆனால் போன் தொட முடியாது. அதற்காக உள்ளே ஒரு மெல்லிய கையுறை, 5 டாலர். ஆக அறுபது டாலர் சொச்சத்தில் காது தப்பியிருக்கும். கோட்டுக்குக் கொடுத்தது அதைப்போல நாலு மடங்கு.

ஊரிலிருந்து ஸ்வெட்டர் கொண்டுவருகிறவர்கள் கவனிக்க: பின்னல் துணி காற்றைத் தடுக்காது. அம்மா பின்னிய ஸ்வெட்டர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் காற்று ஊடே போய்விடும். அதன் மேல் மெல்லியதாக, காற்று புகாத ஒன்று போட்டால்தான் அது வேலை செய்யும். கோட் வாங்க அக்டோபரில் கடைகளில் எல்லா அளவும் கிடைக்கும், விலை அதிகம். பிப்ரவரியில் பாதி விலை, ஆனால் நம் அளவு இருக்காது. ஜனவரியில் வந்து இறங்குகிறவர்கள் பழைய துணிக் கடைகளில் முதலில் பார்க்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. என் இரண்டாவது கோட் அங்கே வாங்கியதுதான்.

மூக்குத்தி, உலோகத் தோடு போட்டிருப்பவர்கள் கடுங்குளிர் நாளில் கழற்றிவிட்டு, அல்லது நன்றாக மூடிக்கொண்டு போங்கள். உலோகம் தோலின் சூட்டை வேகமாக இழுக்கும்.

5. விறைத்துவிட்டால் எப்படித் தெரியும்

இணையத்தில் உறைகாயத்தின் படங்களைத் தேடினால் வெளுத்துப்போன வெள்ளைக்காரத் தோல்தான் வரும். நம் நிறத்தில் அப்படிப் பளிச்சென்று தெரியாது. சாம்பல் பூத்த மாதிரியோ, லேசான மஞ்சளாகவோ, மெழுகு தடவியது போலவோ இருக்கும். ஆகவே நிறத்தை நம்பாமல் தொட்டுப் பாருங்கள். முதலில் குத்தும், எரியும். அப்புறம் வலி நின்றுவிடும். வலி நின்றதும் "பழகிடுச்சு" என்று தோன்றும் பாருங்கள், அதுதான் உள்ளே போக வேண்டிய நேரம்.

உள்ளே வந்ததும் ஈரத் துணியை மாற்றி, உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்துச் சூடாக்குங்கள். விரலாக இருந்தால் அக்குளில் வைக்கலாம். தேய்க்காதீர்கள். ஹீட்டரிலோ கொதிநீரிலோ காட்டாதீர்கள். மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது, வெந்துவிடும். தொட்டால் கட்டையாக இருந்தாலோ, அரை மணிக்குள் உணர்ச்சி திரும்பாவிட்டாலோ, கொப்புளம் வந்தாலோ வைத்தியரிடம் போய்விடுங்கள். ஒன்டாரியோவில் 811-ஐ அழைத்தால் நர்ஸ் ஒருவர் பேசுவார், காசு கிடையாது.

6. ஜூலை வந்ததும் இரண்டாவது எண் மேலே ஏறும்

குளிர்காலம் கடந்ததும் நாம் ராஜா என்று நினைப்போம். மதுரை வெயிலில் வளர்ந்தவனுக்கு 30 டிகிரி ஒரு வெயிலா? நானும் அப்படித்தான் ஒரு கிடங்கில் லாரியிலிருந்து பெட்டி இறக்கும் வேலைக்குப் போனேன். வெப்பமானி 30. புழுக்கத்தையும் சேர்த்துச் சொல்லும் ஹியூமிடெக்ஸ் எண் 41. மதியத்துக்குள் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, தலை சுற்றியது.

நம் உடம்பு ஒரு மண்பானை. பானையின் மேல் கசியும் ஈரம் காற்றில் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். வியர்வையும் அதே வேலையைத்தான் செய்கிறது. சித்திரையில் மதுரையின் காய்ந்த வெயிலில் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். அதே பானையைப் புழுங்குகிற சென்னையில் வைத்தால் அவ்வளவு குளிராது, காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால். டொராண்டோவின் ஜூலையில் சில நாட்கள் தெற்கிலிருந்து ஈரக்காற்று வந்து உட்கார்ந்துவிடும். அப்போது வியர்வை வழியும், ஆனால் சரியாக ஆவியாகாது. வழிந்து கீழே சொட்டும் வியர்வையால் உடம்புக்குப் பலன் இல்லை.

ஹியூமிடெக்ஸ் கனடாக்காரர்களின் கணக்கு. 1965-இலேயே வந்தது, இப்போதைய சூத்திரம் 1979-இல் அமைந்தது. வெப்பத்தோடு காற்றின் ஈரத்துக்காக ஓர் எண்ணைக் கூட்டுகிறார்கள். இதற்கும் டிகிரிக் குறி கிடையாது. 30-க்கு மேல் கொஞ்சம் அவதி, 40-க்கு மேல் கடும் அவதி, கடினமான வேலையைத் தவிர்க்க வேண்டும், 45-க்கு மேல் ஆபத்து என்று வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு பொறி. ஆப்பில் ஈரப்பதம் இத்தனை சதவீதம் என்று வருவதைப் பார்த்துப் புழுக்கத்தைக் கணிக்காதீர்கள். ஜூலையில் காலை ஆறு மணிக்கு 20 டிகிரி இருக்கும்போது ஈரப்பதம் 100 சதவீதத்தை ஒட்டி இருக்கும், ஆனால் சுகமாக இருக்கும். மதியம் 30 டிகிரி ஆனதும் சதவீதம் 55-க்கு இறங்கும், ஆனால் அப்போதுதான் புழுங்கும். காற்றில் உள்ள தண்ணீர் இரண்டு வேளையும் அதேதான். சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும் என்பதால் சதவீதம் மட்டும் இறங்குகிறது.

சதவீதத்துக்குப் பதில் பனிநிலையைப் பாருங்கள். ஆப்பில் Dew point என்று இருக்கும். காற்றை எந்த வெப்பத்துக்குக் குளிர்வித்தால் அதிலுள்ள ஈரம் துளியாகப் படியத் தொடங்குமோ, அதுதான் பனிநிலை. பனிநிலை 15 என்றால் ஹியூமிடெக்ஸில் சுமார் 4 கூடும். 20 என்றால் சுமார் 8. நான் பெட்டி இறக்கிய அன்று பனிநிலை 24, அதனால் 11 கூடி 41. பனிநிலை 20-ஐத் தாண்டினால் வேலையை அதிகாலைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

"நம்மூரில் இதைவிட மோசமாச்சே" என்பீர்கள். உண்மைதான். மே மாதத்துச் சென்னையில் 36 டிகிரியும் பனிநிலை 26-உம் இருக்கும் நாளை இந்தக் கணக்கில் போட்டால் 49 வரும். ஆனால் அந்தப் பழக்கம் உடம்பில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க ஹீட்டர் அறையில் இருந்துவிட்டால் போய்விடும், மறுபடி பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். தவிர இங்கே பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் ஏசி இருக்காது, சீலிங் ஃபேன்கூட இருக்காது. சூட்டை உள்ளே வைத்துக்கொள்ளக் கட்டியவை அவை. பகலில் ஏறிய சூடு ராத்திரி பத்து மணிக்கும் அறைக்குள்ளேயே நிற்கும்.

விண்ட் சில்லுக்கும் ஹியூமிடெக்ஸுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. குளிரை மூடித் தடுக்கலாம், புழுக்கத்தைத் துணியால் தடுக்க முடியாது. செய்யும் வேலையின் அளவையும் நேரத்தையும்தான் குறைக்க முடியும். எனக்கு நேர்ந்தது போல தசை இழுத்தாலோ தலை சுற்றினாலோ நிழலில் உட்கார்ந்து, சட்டையைத் தளர்த்தி, தண்ணீர் குடியுங்கள். கூட வேலை செய்கிறவர் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தாலோ மயங்கினாலோ தண்ணீர் தேடிக்கொண்டிருக்காமல் 911-ஐ அழைத்துவிட்டு அவர் உடம்பை நனைத்து விசிறுங்கள்.

7. இரண்டு ஆப் இரண்டு எண் சொன்னால்

அந்த 30 டிகிரி நாளிலேயே என் போனோடு வந்த ஆப் "உணர்வது 35" என்றது. ரேடியோவில் 41. எது பொய்? இரண்டும் சரி. அமெரிக்கக் கணக்குக்கு ஹீட் இண்டெக்ஸ் என்று பெயர். அதே வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் அது சிறிய எண்ணைத் தரும். அமெரிக்கக் கணக்கின் 35-ஐ எடுத்துக்கொண்டு கனடாவின் 40 என்ற எல்லையோடு ஒப்பிட்டால், இன்னும் இடம் இருக்கிறது என்று தோன்றும். அன்றைக்கு நான் செய்தது அதுதான். எந்த அளவுகோலில் எண்ணை எடுக்கிறீர்களோ, அதே அளவுகோலின் எல்லையைத்தான் பார்க்க வேண்டும்.

இவை இரண்டிலும் வெயில் சேராது, நிழலில் நிற்பதாகவே கணக்கு. நேர் வெயிலில் தார் ரோட்டில் வேலை என்றால் எண்ணைவிட நிலைமை மோசம். RealFeel என்று ஓர் ஆப் காட்டுவது வேறு வகை; அதில் வெயில், மேகம் எல்லாம் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள், அதனால் குளிர்காலத்தில்கூட விண்ட் சில்லோடு ஒத்துப் போகாது. நான் இப்போது அரசு ஆப்பை மட்டும் வைத்திருக்கிறேன்.

சில நாட்கள் இரண்டாவது எண்ணே வராது, ஆப் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். இல்லை. வெப்பம் பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தால் கனடா அறிக்கையில் விண்ட் சில் போடமாட்டார்கள். புழுக்கம் சொல்லும்படி இல்லாவிட்டால் ஹியூமிடெக்ஸும் போடமாட்டார்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் பெரும்பாலான நாட்கள் அப்படித்தான். அந்த நாட்களில் வெப்பமானியின் எண்ணை மட்டும் பார்த்துக் கிளம்பலாம். ஏப்ரலில் பிளஸ் 4-இல் மழை பெய்தால் மட்டும் குடையை மறக்காதீர்கள். நனைந்த சட்டையோடு காற்றில் நிற்பதற்கு இந்த ஆப்பில் எண் எதுவும் கிடையாது.